வாசனைக்கு அடியில் எரிவது என்ன?
மூங்கில் குச்சி ஊதுபத்தியின் செய்முறையும் மலிவுச் சரக்கின் காரநெடியும்

மலிவான ஊதுபத்திப் பாக்கெட்டைப் பிரித்து மோந்து பார்த்தால் மல்லிகையோ ரோஜாவோ தாழம்பூவோ குப்பென்று மணக்கிறது. அதே பத்தியைக் கொளுத்தி வைத்த ஐந்தாவது நிமிடம் அந்த மணம் எங்கேயோ போய்விடுகிறது. கருகல் வாடை மூக்கில் ஏறுகிறது, தொண்டை கமறுகிறது, கண் எரிகிறது. "மட்டமான சென்ட் போட்டிருக்கிறான்" என்பதுதான் இதற்கு எல்லோரும் சொல்லும் காரணம். அது பாதி உண்மை, அதுவும் சிறிய பாதி. கொளுத்திய பத்தியின் எடையில் சென்ட் மிகச் சிறிய பங்குதான். எரிகிற பொருளில் பெரும்பகுதி மூங்கிலும் மரத்தூளும் கரித்தூளும் பட்டைப்பொடியும். நெடியின் வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. பத்தி எப்படி உருவாகிறது என்பதைப் படிப்படியாகப் பார்த்தால், ஒவ்வொரு படியிலும் காசு மிச்சம் பிடிக்கும் இடம் எது, அது எந்த நாற்றமாகத் திரும்பி வருகிறது என்பதும் தெரிந்துவிடும்.

இந்தியாவில் விற்கும் குச்சிப் பத்திகளை இரண்டு பெரிய வகையாகப் பிரிக்கலாம். ஒன்று மசாலா பத்தி: வாசனைப் பொருள்களை அரைத்து மாவிலேயே கலந்து குச்சியில் உருட்டுவது. மற்றது சென்ட் பத்தி: வாசனையே இல்லாத கறுப்புப் பத்தியை முதலில் செய்து காயவைத்து, பிறகு சென்ட் கரைசலில் முக்கி எடுப்பது. சென்ட் போடாத அந்தப் பத்தியைத் தொழிலில் 'ரா பத்தி' என்பார்கள். பெட்டிக்கடையில் தொங்கும் மலிவுப் பாக்கெட்டுகள் அநேகமாக எல்லாமே இரண்டாம் வகை. பெங்களூரையும் மைசூரையும் மையமாகக் கொண்டு வளர்ந்த இந்தத் தொழிலில் ரா பத்தி ஓர் ஊரிலும், சென்ட் போடுவதும் பாக்கெட் கட்டுவதும் வேறோர் ஊரிலும் நடப்பது சாதாரணம். இந்தக் கட்டுரை முக்கியமாக அந்தச் சென்ட் பத்தியைப் பற்றியது.

குச்சி

எல்லா மூங்கிலும் பத்திக் குச்சிக்கு ஆகாது. கணுவுக்குக் கணு இடைவெளி நீளமாக இருக்க வேண்டும். கணு விழுந்த இடத்தில் நார் வளைந்திருக்கும், குச்சி அங்கே ஒடியும், மாவும் சீராகப் பிடிக்காது. வடகிழக்கு மாநிலங்களில், குறிப்பாகத் திரிபுராவில், 'மிர்திங்கா' என்று அழைக்கப்படும் மூங்கில் இதற்குப் பேர்போனது. நெடுங்காலம் நாட்டின் பத்திக் குச்சியில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வந்தது. வெட்டிய மூங்கிலைக் கணுக்களுக்கு இடையே துண்டு போட்டு, பட்டையாகப் பிளந்து, பட்டையை மெல்லிய குச்சிகளாகச் சீவுவார்கள். கையால் சீவிய குச்சி சதுரமாக, தடிமன் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். இயந்திரத்தில் இழுத்த குச்சி உருண்டையாக, ஏறத்தாழ 1.3 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரே சீராக வரும்.

தானியங்கிப் பத்தி இயந்திரங்கள் பரவியபோது அவற்றுக்கு உருண்டைக் குச்சிதான் தேவைப்பட்டது. சதுரக் குச்சி இயந்திர வாயில் சிக்கிக்கொள்ளும். வியட்நாமிலிருந்தும் சீனாவிலிருந்தும் உருண்டைக் குச்சி பெருமளவில் இறக்குமதியானது. பத்தியே செய்து முடிக்கப்பட்டு ரா பத்தியாகவும் வந்திறங்கியது. 2019 ஆகஸ்டு இறுதியில் மத்திய அரசு பத்தி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. 2020 ஜூனில் மூங்கில் குச்சிக்கான இறக்குமதி வரி 10 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக உயர்ந்தது. குச்சி விலையில் இவ்வளவு போட்டி இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு: காதி கிராமத் தொழில் ஆணையம் சொல்லும் கணக்குப்படி, வெட்டிய மூங்கிலில் 16 சதவீதம்தான் குச்சியாகிறது, மிச்சமெல்லாம் கழிவு. அந்தக் கழிவைக் கரியாக்கி விற்க வழியில்லாதவர்கள் அதன் செலவையும் குச்சியின் தலையில்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது.

நெடிக்கும் குச்சிக்கும் உள்ள தொடர்பு எளிமையானது. குச்சியும் எரிகிறது. மாவு மட்டும் எரிந்து குச்சி நிற்பதில்லை. பத்தி எவ்வளவு நீளம் எரிகிறதோ அவ்வளவு நீள மூங்கிலும் கூடவே கனன்று புகையாகிறது. குச்சி தடித்தால் மூங்கில் புகை கூடும். முற்றாத மூங்கிலோ, சரியாகக் காயாமல் கட்டி வைத்துப் பூசணம் பிடித்த குச்சியோ ஆனால் அந்தப் புகையில் ஒரு புளித்த வாடையும் சேரும்.

மாவு

ரா பத்தி மாவில் மூன்று பொருள்கள் அடிப்படை. முதலாவது கரித்தூள். இது நெருப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அணையாமல் கனலும். இரண்டாவது மரத்தூள். இது மாவை இளக்கமாக்கும், காற்றுப் புக நுண்துளை தரும், பிறகு சென்ட்டைக் குடித்து வைத்துக்கொள்ளும். மூன்றாவது ஜிகட். நாட்டு மருந்துக் கடைகளில் மைதா லக்கடி என்று கிடைக்கும் மரப்பட்டையும், மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் கோலமாவு மரத்தின் பட்டையும் பொடியாகி இந்தப் பெயரில் வருகின்றன. பொடியில் தண்ணீர் பட்டதும் வழவழவென்று கோந்தாகிவிடும். அந்தக் கோந்துதான் மாவைக் குச்சியோடு பிடித்து வைக்கிறது. பட்டையை மரத்தைச் சுற்றி உரித்தால் மரம் பட்டுப்போகும். அதனால் நல்ல ஜிகட் ஆண்டுக்கு ஆண்டு அரிதாகி, மாவிலேயே விலை கூடிய சரக்காக இருக்கிறது.

கைப்பத்திக்கு ஒரு சராசரிக் கலவை சொன்னால், எடையில் பாதி கரித்தூள், மீதிப் பாதியை மரத்தூளும் ஜிகட்டும் பங்கிட்டுக்கொள்ளும். பட்டறைக்குப் பட்டறை இது மாறும். மூன்றையும் நன்றாகச் சலித்துக் கலந்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசைவார்கள். பதம் கையில்தான் தெரியும். உருண்டை பிடித்து விரலால் அழுத்தினால் விரிசல் விடாமல் அமுங்க வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. பிசைந்த மாவைக் கொஞ்ச நேரம் மூடி வைத்தால் ஜிகட் முழுதாக ஊறிப் பசை ஏறும்.

உருட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் அதன் வேகம் புரியும். தாழ்வான பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண் இடது கையால் ஒரு குச்சியை எடுத்துப் பலகையில் வைக்கும்போதே வலது கை ஒரு கிள்ளு மாவை அதன் நுனியில் அழுத்திவிடும். உள்ளங்கை ஒருமுறை முன்னே போய்த் திரும்பும்போது மாவு குச்சியோடு சுழன்றபடி கீழ்நோக்கி நீண்டு கொண்டே வரும். பிடிக்கான இடத்தை எட்டியதும் மிஞ்சிய மாவை விரல் கிள்ளி எடுத்துவிடும். ஒட்டாமலிருக்க ஒரு சிட்டிகைப் பொடி, பத்தி பக்கத்துக் குவியலுக்குப் போய்விடும். ஆயிரத்துக்கு இவ்வளவு என்பதுதான் கூலி. மிதி இயந்திரத்திலும் தானியங்கி இயந்திரத்திலும் இதே வேலையைக் குழாய்க்குள் அழுத்தம் செய்கிறது: ஒருபுறம் குச்சி நுழைய, மறுபுறம் மாவு பூசிய பத்தி பாய்ந்து வருகிறது, தானியங்கியில் நிமிடத்துக்கு 150-க்கும் மேல். வேறுபாடு வேகத்தில் மட்டும் இல்லை. இயந்திர அழுத்தத்தில் மாவு இறுகிவிடுகிறது. இறுகிய மாவில் காற்றுப் புகும் துளை குறைவு. கலவையைத் திருத்தாமல் கைப்பத்தி மாவையே இயந்திரத்தில் போட்டால் பத்தி பாதியில் அணையும், அல்லது மந்தமாகக் கனன்று அதிகம் புகையும்.

உருட்டியதும் காயப் போடுவது. நிழலில், காற்றோட்டத்தில் பரப்ப வேண்டும். சுள்ளென்ற வெயிலில் போட்டால் வெளிமாவு முந்திக் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும், மேலே விரிசல் விழும். மழைக்காலத்தில் அவசரப்பட்டுக் கட்டினால் உள் ஈரம் அப்படியே தங்கிவிடும். ஈரமான பத்தி சென்ட்டைச் சரியாகக் குடிக்காது, கொளுத்தினாலும் தன் ஈரத்தை ஆவியாக்குவதிலேயே சூட்டைச் செலவழிக்கும்.

சென்ட் போடுவது

காய்ந்த ரா பத்தியைக் கட்டுக்கட்டாகப் பிடித்து, மாவு மூழ்கும் வரை சென்ட் கரைசலில் முக்கி, வடியவிட்டு நிறுத்துவார்கள். இதில் வாங்குபவருக்குத் தெரியாத ஒரு பொருள் இருக்கிறது. சென்ட்டை யாரும் அப்படியே போடுவதில்லை. மணமில்லாத ஓர் எண்ணெய்த் திரவத்தில் கரைத்துத்தான் போடுவார்கள். பரவலாகப் பயன்படுவது டயெத்தில் தாலேட், தொழிலில் 'டிஇபி' என்பார்கள். அது சென்ட்டை நீர்க்கச் செய்கிறது, பத்திக்குள் பரவலாக இறக்குகிறது, சீக்கிரம் ஆவியாகிப் போகாமல் பிடித்தும் வைக்கிறது. அதன் கொதிநிலை 300 டிகிரி செல்சியஸுக்குச் சற்றுக் குறைவு. டிஇபியின் இடத்தில் அதைவிட மலிவான வெள்ளை எண்ணெய் என்னும் பெட்ரோலிய எண்ணெயைப் போடுகிறவர்களும் உண்டு.

முக்கிய பத்தியை உடனே பாக்கெட் கட்டக் கூடாது. மேல் ஈரம் வற்றிய பின் மூடி வைத்துச் சில நாள் ஊறவிட்டால்தான் சென்ட் மாவின் உள்ளே போய் நிலைகொள்ளும். அவசரத்தில் அன்றே கட்டிய பத்தியில் சென்ட் மேலோட்டமாகவே நிற்கும். பாக்கெட்டைத் திறந்ததும் அடிக்கும் மணம் அதிகமாகவும் எரியும்போது வரும் மணம் குறைவாகவும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கனலும் முனையில் நடப்பது

நெடி எங்கே பிறக்கிறது என்று புரிய, கனலும் முனையைக் கொஞ்சம் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். சிவந்து கனலும் நுனியில் சூடு பல நூறு டிகிரி. அதற்குக் கீழே ஒருசில மில்லிமீட்டர் நீளத்துக்கு மாவு நிறம் மாறியிருக்கும். அது இன்னும் எரியவில்லை, சூடேறிக்கொண்டிருக்கிறது. அதற்கும் கீழே பத்தி தொட்டால் சுடாது.

நல்ல வாசனை முழுவதும் அந்த நடுப்பகுதியிலிருந்து வருகிறது. நெருப்பு வந்து சேருவதற்கு முன்பே, சூடு பட்டவுடன் சென்ட் ஆவியாகி வெளியேறிவிடுகிறது. மல்லிகைச் சென்ட்டின் முதுகெலும்பான பென்சைல் அசிட்டேட் 212 டிகிரியில் கொதிக்கும். ரோஜா மணத்துக்கு உதவும் ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் 219 டிகிரியில் கொதிக்கும். எரிந்து சாம்பலாவதற்கு முன்பே இவை காற்றில் ஏறிவிடுகின்றன. பத்தியின் வாசனை எரிவதால் வருவதில்லை, எரியாமல் தப்புவதால் வருகிறது.

ஆனால் அதே நடுப்பகுதியில் இன்னொன்றும் நடக்கிறது. பச்சை மரப்பொருள் 200 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கி 400 டிகிரிக்குள் பெரும்பாலும் உடைந்துவிடும். மரத்தில் செல்லுலோஸும் அதைச் சார்ந்த சர்க்கரைச் சங்கிலிகளும் உடைந்தால் அசிட்டிக் அமிலம், ஃபர்ஃப்யூரல், ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்றவை வரும். கண்ணில் நீர் வரவழைப்பதும் மூக்கைக் குத்துவதும் இந்தக் கூட்டம்தான். லிக்னின் உடைந்தால் குவயகால் போன்ற ஃபீனால் வகைகள் வரும். விறகடுப்புப் புகையின் வாசம் இவற்றுடையது. சென்ட் மேலே ஏறும் அதே நொடியில், அதே இடத்திலிருந்து, இந்தப் புகையும் ஏறுகிறது. மூக்குக்கு இரண்டும் சேர்ந்தே வந்து சேருகின்றன.

கரித்தூளின் மதிப்பு இங்கேதான். மரத்தை மூட்டம் போட்டுக் கரியாக்கும்போதே இந்த நெடிப் பொருள்களெல்லாம் அங்கேயே வெளியேறிவிடுகின்றன. மிஞ்சிய கரி சூடேறும்போது புகைய அதிகம் எதுவும் இல்லை. ஆகவே நன்றாக வெந்த கரி கூடுதலாக இருக்கும் மாவு குறைவாகப் புகையும். பாதி வெந்த கரியை அரைத்துப் போட்டால், மூட்டத்தில் போயிருக்க வேண்டிய புகை நம் வீட்டுக் கூடத்தில் வரும்.

மூங்கிலின் பங்கைத் தனியாக உணர இன்னொரு வழி, குச்சியில்லாத பத்தியோடு ஒப்பிடுவது. ஜப்பானில் கியோத்தோவிலும் அவாஜித் தீவிலும் செய்யப்படும் செங்கோ பத்தியில் மூங்கில் கிடையாது, மாவையே மெல்லிய இழையாகப் பிழிந்து காயவைக்கிறார்கள். அதில் பசைக்காகச் சேர்ப்பது தாபு மரத்தின் பட்டைப்பொடி. அந்த மரம் நம் கோலமாவு மரத்தின் நெருங்கிய உறவு. பட்டைப்பசையும் வாசனைப்பொடியும் நம் மசாலா பத்தியிலும் செங்கோவிலும் இருக்க, செங்கோவில் விறகுப்புகை வாசம் குறைவாக இருப்பதற்கு மூங்கில் இல்லாததும் அதன் மெல்லிய உடலும் முக்கியக் காரணங்கள்.

ஒரு பத்தியின் கணக்கு

காசு மிச்சம் பிடிப்பது நெடியாக மாறுவதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். இரண்டு பத்திகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் 8 அங்குலம், அதாவது 20 சென்டிமீட்டர். பிடிக்கு 4 சென்டிமீட்டர் போக 16 சென்டிமீட்டர் எரியும். இரண்டிலும் மாவு 0.7 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சென்ட் கரைசலைச் சமமாகவே குடிக்கின்றன, 0.3 கிராம். இவை விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண்கள். பட்டறைக்குப் பட்டறை மாறினாலும் கணக்கின் போக்கு மாறாது.

முதல் பத்தியில் 1.3 மில்லிமீட்டர் உருண்டைக் குச்சி. எரியும் நீளத்தில் மூங்கிலின் எடை ஏறத்தாழ 0.14 கிராம் வரும். மாவில் பாதி கரி. ஆகவே கரியாகாத மரப்பொருள் மாவில் 0.35 கிராம், குச்சியோடு சேர்த்து 0.49 கிராம். சென்ட்டை ஒன்றுக்கு மூன்று என்று டிஇபியில் கரைத்தால், குடித்த 0.3 கிராமில் உண்மையான சென்ட் 0.075 கிராம்.

இரண்டாவது பத்தியில் 2 மில்லிமீட்டர் சதுரக் குச்சி. தடிமன் கொஞ்சம்தான் கூடியதாகத் தோன்றும், ஆனால் எரியும் மூங்கில் 0.44 கிராம் ஆகிவிடுகிறது, முன்னதைவிட மூன்று மடங்கு. மாவில் கரியைக் கால்பங்காகக் குறைத்து, அந்த இடத்தை மலிவான மரத்தூளால் நிரப்பினால் கரியாகாத பொருள் மாவில் 0.53 கிராம், குச்சியோடு சேர்த்து ஏறத்தாழ 0.97 கிராம். சென்ட் ஒன்றுக்கு ஒன்பது என்று நீர்த்திருந்தால், உண்மையான சென்ட் 0.03 கிராம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புகையாகும் பச்சை மரப்பொருள் ஏறத்தாழ இரு மடங்கு. அதை மூட வேண்டிய சென்ட் பாதிக்கும் குறைவு. ஒரு கிராம் மரப்புகைக்குக் கிடைக்கும் சென்ட் எவ்வளவு என்று வகுத்தால், இரண்டாவதில் அது முதலாவதின் ஐந்தில் ஒரு பங்கு. எந்த ஓர் இடத்திலும் பெரிய மோசடி நடக்கவில்லை. குச்சியில் கொஞ்சம், கரியில் கொஞ்சம், சென்ட்டில் கொஞ்சம் என்று மூன்று இடங்களில் மிச்சம் பிடித்தது மூக்கில் ஒன்றாகச் சேர்ந்து விழுகிறது.

மலிவின் மற்ற வழிகள்

இந்தக் கணக்குக்கு வெளியேயும் நெடி சேரும் வழிகள் உண்டு. முதலாவது மரத்தூளின் பூர்வீகம். இழைப்புளி போட்ட நல்ல மரத்தின் தூள் ஒன்று, தச்சுப் பட்டறைத் தரையில் கூட்டி அள்ளிய தூள் வேறொன்று. அதில் பிளைவுட் தூள் கலந்திருந்தால் பலகையை ஒட்டிய பசையும் சேர்ந்து எரியும். அந்தப் பசையே ஃபார்மால்டிஹைடு கொண்டு செய்யப்பட்டது. வார்னிஷ் பூசிய மரத்தின் தூளும் அப்படித்தான். ஒரு மூட்டைத் தூளில் எத்தனை பங்கு எது என்று பட்டறைக்காரருக்கே தெரிவதில்லை.

இரண்டாவது பசை. நல்ல ஜிகட்டின் விலை ஏறும்போது அதில் கலப்படம் வருகிறது, அல்லது குவார் கோந்தும் மாவுச்சத்தும் துணைக்கு வருகின்றன. கலப்பட ஜிகட் பிடிக்காது, பிடிக்காததால் கூடுதலாகப் போடுவார்கள். கூடுதல் பசை மாவை இறுக்கும், இறுகிய மாவு அணையும். அணையாமலிருக்கச் சிலர் வெடியுப்பைக் கரைத்துச் சேர்க்கிறார்கள். வெடியுப்பு ஆக்சிஜனைக் கொடுத்துக் கனலை நிறுத்தாமல் ஓட்டும், ஆனால் கூடவே நைட்ரஜன் ஆக்சைடுகளின் காரம் வரும். சில மலிவுப் பத்திகள் அசாதாரண வேகத்தில் எரிந்து முடிவதும், அவற்றின் புகையில் பட்டாசு வாடை லேசாகத் தெரிவதும் இதனால்தான். முதலில் ஜிகட்டில் செய்த சிக்கனம் மூன்று படி தாண்டி வேறொரு நெடியாக வந்து நிற்கிறது.

மூன்றாவது, கரைப்பான் எண்ணெய். ஒன்றுக்கு ஒன்பது என்று நீர்த்த பத்தியில் சென்ட்டைவிட ஒன்பது மடங்கு எண்ணெய் இருக்கிறது. அதுவும் நடுப்பகுதியில் ஆவியாகி, காற்றில் குளிர்ந்து, நுண்திவலைகளாகி அடர்ந்த வெள்ளைப் புகையாகத் தெரியும். சுத்திகரிப்பு குறைந்த எண்ணெயானால் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். புகை திரண்டு வந்தால் பத்தி நல்ல பத்தி என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தப் புகையில் பெரும்பங்கு இந்த எண்ணெயாக இருக்கலாம்.

நான்காவதுதான் சென்ட்டின் தரம். நல்ல சென்ட் பல பொருள்களின் அடுக்கு. சீக்கிரம் ஆவியாகும் மெல்லிய மணங்கள், நடுவில் நிற்கும் பூ மணங்கள், கடைசிவரை நிற்கும் சந்தனம், கஸ்தூரி, பிசின் வகை மணங்கள். விலை உயர்ந்தது அந்தக் கடைசி அடுக்குதான். மலிவுச் சென்ட்டில் அதை வெட்டிவிட்டு, உரக்கக் கூவும் முதலிரண்டு அடுக்கை மட்டும் வைப்பார்கள். பாக்கெட்டைத் திறந்தால் அவை முந்திக்கொண்டு வரும். கனலின் முன்னால் அவை நொடியில் பறந்துவிட, மரப்புகையை மூட எதுவும் மிஞ்சாது.

இயற்கைச் சரக்கு என்ற வாதம்

இந்த இடத்தில் ஒரு பரவலான நம்பிக்கையைப் பரிசீலிக்க வேண்டும்: செயற்கைச் சென்ட் என்பதால்தான் நெடி அடிக்கிறது, மூலிகைப் பத்தியானால் அடிக்காது என்பது. மேலே பார்த்த காரணங்களில் முக்கால்வாசிக்கும் செயற்கை, இயற்கை என்ற பிரிவுக்கும் தொடர்பே இல்லை. மூங்கிலும் மரத்தூளும் முழுக்க இயற்கைப் பொருள்கள்தான், தொண்டையைக் கமறவைப்பதும் அவைதான். ஆய்வகத்தில் செய்த பென்சைல் அசிட்டேட்டும் மல்லிகைப் பூவில் இருக்கும் பென்சைல் அசிட்டேட்டும் ஒரே மூலக்கூறு.

ஆனாலும் பழைய மசாலா பத்தி மென்மையாக மணந்தது என்று பெரியவர்கள் சொல்வது வெறும் ஏக்கம் இல்லை. அதற்கு மட்டிப்பால் ஒரு காரணம். தமிழகத்தில் தீக்குச்சித் தொழிலுக்காகவும் வளர்க்கப்படும் பெருமரத்தின் பட்டையைக் கீறி வடிக்கும் பிசின் இது. காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் இதற்கு உண்டு. மட்டிப்பால் சேர்த்த பத்தி தொட்டால் இளக்கமாக, லேசாகப் பிசுபிசுவென்று இருக்கும். எரிவது மெதுவாகும், மணப்பொருள்கள் பிசினுக்குள் பிடிபட்டு ஒவ்வொன்றாக வெளிவரும். எண்ணெய்க் கரைப்பானின் தேவையும் அங்கே குறைவு. காட்டு மரங்களில் ஆழமாகக் கீறி, பால் அதிகம் எடுக்க முயன்று மரங்களைக் கெடுத்ததால் வரத்து சுருங்கியது, விலை ஏறியது. சந்தனத்தூளுக்கும் அதே கதிதான். இன்று 'மசாலா' என்ற பெயர் தாங்கிய பத்திகளில் பல, வாசனையில்லாத தூளை உருட்டிச் சென்ட் தெளித்தவை. பெயரை வைத்து முடிவுகட்ட முடியாது.

வீட்டிலேயே கண்டுபிடிக்க

நெடிக்கு எது காரணம் என்பதைப் பிரித்தறிய ஆய்வகம் வேண்டாம். முதலில் பத்தியின் மாவைத் தண்ணீரில் ஊறவைத்துச் சுரண்டிவிட்டு, குச்சியை நன்றாகக் காயவைத்துத் தனியாகக் கொளுத்தி, ஊதி அணைத்து, அந்தப் புகையை மோந்து பாருங்கள். முழுப் பத்தியை எரிக்கும்போது வரும் கருகல் அதே வாடையாக இருந்தால் குற்றவாளி குச்சி. குச்சியின் தடிமனைக் கண்ணால் பார்த்தாலே பாதி விடை தெரிந்துவிடும்.

அடுத்து, ஒரு பத்தியை வெள்ளைத் தாளில் சுற்றி இரவு முழுவதும் வைத்திருங்கள். காலையில் தாளில் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் எண்ணெய்க்கறை பரவியிருந்தால் கரைப்பான் மிகுதி, அல்லது சென்ட் ஊறாமல் மேலேயே நிற்கிறது.

மூன்றாவது, எரியும் பத்தியின் புகைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் சில்வர் கரண்டியின் பின்புறத்தைச் சில நிமிடம் காட்டுங்கள். பழுப்பாகப் பிசுக்குப் படிந்து விரலில் ஒட்டினால், அது கரியாகாத மரப்பொருளின் தாரும் எண்ணெயும். அந்தப் பிசுக்கை மோந்தால் பூ மணமா விறகு மணமா என்பதும் தெரியும். சாம்பலை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். வெள்ளைச் சாம்பல் முழுமையாக எரிந்ததைக் காட்டலாம், சுண்ணாம்பு போன்ற கனிமத்தூள் கலந்ததையும் காட்டலாம்.

தொழிலில் விவரம் தெரிந்தவர்கள் ரா பத்தி வாங்கும்போது செய்வதும் இதைப் போன்றதுதான். சென்ட் போடாத பத்தியைக் கொளுத்தி மோந்து பார்ப்பார்கள். அது சும்மா எரியும்போதே கண்ணைக் கரித்தால் எந்தச் சென்ட்டும் அதைக் காப்பாற்றாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

நெடியும் தீங்கும்

ஓர் எச்சரிக்கை அவசியம். நெடி குறைந்த பத்தி தீங்கு குறைந்த பத்தி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்தப் பத்தியும் கனலும்போது நுண்துகள்களை விடுகிறது. மருத்துவ இதழ்களில் அடிக்கடி எடுத்தாளப்படும் ஓர் அளவீட்டின்படி, ஒரு கிராம் பத்தி எரிந்தால் 45 மில்லிகிராமுக்கு மேல் துகள் வருகிறது, சிகரெட்டில் கிராமுக்கு 10 மில்லிகிராம். பத்தியை யாரும் நெருங்கி உறிஞ்சுவதில்லை என்பது உண்மை. ஆனால் மூடிய அறையில், ஆஸ்துமா உள்ளவரோ கைக்குழந்தையோ இருக்கும் இடத்தில், விலை உயர்ந்த சந்தனப் பத்தியும் புகைதான். ஜன்னலைத் திறந்து வைப்பதற்கு மாற்று எதுவும் இல்லை. கொசுவை விரட்டும் என்று விற்கும் பெயர் தெரியாத பத்திகளின் கதை இன்னும் மோசம். அவற்றில் அனுமதியில்லாத பூச்சிக்கொல்லி கலப்பது தொடர்ந்து பிடிபட்டு வருகிறது.

2025 டிசம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஊதுபத்திக்கென ஐஎஸ் 19412:2025 என்ற தரத்தை வெளியிட்டது. பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், ஃபிப்ரோனில் போன்ற பூச்சிக்கொல்லிகளையும் சில வாசனை இரசாயனங்களையும் அது தடை செய்கிறது. தேவையான அடி இது. ஆனால் நெடியைப் பொறுத்தவரை வாங்குபவருக்கு வேண்டியது பாக்கெட்டின் பின்புறம் நான்கு வரிகள்: மாவில் கரி எவ்வளவு, மரத்தூள் எந்த மரத்தினுடையது, பசை எது, சென்ட்டைக் கரைத்த எண்ணெய் எது. இன்று பெரும்பாலான பாக்கெட்டுகளில் பூவின் படமும் பெயரும்தான் இருக்கின்றன. எரியும் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பொருளைப் பற்றி மட்டும் பேசிவிட்டு மிச்சத்தைச் சொல்லாமல் விடும் அந்தப் பழக்கம் மாறும்வரை, குச்சி மெலிந்த, தாளில் எண்ணெய் இறங்காத, கரண்டியில் பிசுக்கு ஒட்டாத பத்தியைத் தேடி எடுப்பதும், மற்றதைக் கடையிலேயே விட்டுவருவதும் வாங்குபவர் கையில்தான் இருக்கிறது.